தகப்பனார் கையெழுத்து

என் மகள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சாம்பியாவில் வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஆட்கள் சென்னைக்கு வந்து, ஓட்டலில் அறை எடுத்துத் தங்கி, கணக்கும் அறிவியலும் நடத்தத் தெரிந்த ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போவார்கள். மரக்காணம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்த நான் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எழுதிப்போட்டேன். எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை. எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், ஜனவரியில் சேர வேண்டும், குழந்தைக்கும் சேர்த்துப் பயணச் சீட்டு அவர்களே தருவார்கள்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். சந்தோஷம் என்று முழுவதும் சொல்ல முடியாது. நான்கு வருடங்களாக நானும் என் கணவரும் ஒரே ஊரில் தனித்தனியாக இருந்தோம். அவருக்கு உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை. பள்ளிக்கூடத்துக்கும் உப்பளத்துக்கும் ஒரே சாலைதான். காலையில் நான் நடந்து போகும்போது அவர் சைக்கிளில் எதிரே வருவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அவர் மணியடிக்காமல் ஒதுங்கிப் போவார். இரண்டு பேரையும் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஏன் பிரிந்தோம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவர் வெளியே போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். பள்ளி நாட்களில் முடியாது. விடுமுறை நாட்களில், கோடை விடுமுறை முழுவதும், பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். அடித்ததில்லை. குடித்ததில்லை. யாராவது கேட்டால், "கடலோரம், ஆளுங்க வர்ற போற எடம். பாதுகாப்புக்குத்தான்" என்பார். ஒரு மே மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து உடம்பு கொதித்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னேன். அன்று வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. விவாகரத்து, வழக்கு எதற்கும் போகவில்லை. குழந்தை என்னோடு இருந்தாள். அவர் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. அப்படியே ஓடிவிட்டது.

சென்னையில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். என்னுடைய விண்ணப்பத்தில் சிக்கல் எதுவுமில்லை. கல்வித்துறையிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி வைத்திருந்தேன். குழந்தையின் விண்ணப்பத்தைக் கவுண்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகப்பனார் கையெழுத்து இல்லையே?"

"நாங்க பிரிஞ்சி இருக்கோம் சார்."

"கோர்ட்ல ஆர்டர் ஏதாச்சும் இருக்குதா? டைவர்ஸ், கஸ்டடி, அந்த மாதிரி?"

"இல்ல சார். குழந்தை பொறந்ததுலேருந்து என்கிட்டதான் இருக்குது."

"இருக்கட்டும்மா. ஆனா மைனருக்குத் தகப்பனார் கையெழுத்து வேணும். அவர் போடலைன்னா கோர்ட் ஆர்டர் வேணும்."

"என் பாஸ்போர்ட்லயே குழந்தை பேரைச் சேர்த்துட்டா?"

"தனியா எடுத்தாலும் அதேதான், சேர்த்தாலும் அதேதான்." அவர் கடுமையாகப் பேசவில்லை. விண்ணப்பத்தை மடித்து என் பக்கம் நகர்த்திவிட்டு, "போய்க் கேட்டுப் பாருங்க. பெத்த பொண்ணுதானே, போடாம எங்க போவாரு?" என்றார்.

திண்டிவனம் வரை ஒரு பஸ், அங்கிருந்து மரக்காணத்துக்கு இன்னொரு பஸ். வழி முழுவதும் கவுண்டரில் இருந்தவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான்கு வருடமாக ஒரு வார்த்தை பேசாத ஒருவரிடம் போய் எப்படிக் கேட்பது? ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு உப்பளத்துக்கு நடந்தேன்.

உப்பு வாரும் காலம். பாத்திகளின் ஓரத்தில் குவியல் குவியலாக உப்பு, வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பெண்கள் தலையில் கூடை வைத்து வரப்பின்மேல் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் ஏன் இங்கே வருகிறாள் என்று அவர்கள் பார்த்ததை நான் கவனிக்காத மாதிரி நடந்தேன். கீற்றுக் கொட்டகையில் மேசை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

விவரத்தைச் சொன்னேன். விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் அதை ஒவ்வொரு வரியாகப் படித்தார். குழந்தையின் புகைப்படம் ஒட்டியிருந்த இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"எத்தினி வருஷம்?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டுன்னுதான் எல்லாரும் போவாங்க."

"ஒப்பந்தமே ரெண்டு வருஷம்தாங்க. கவர்மென்ட் வேலையை நான் விடல. லீவுலதான் போறேன். திரும்பி வந்துதான் ஆகணும்."

"நீ போ. உன்னை யாரும் கட்டி வெக்கல." விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தார். "பாப்பா போக வேணாம்."

"பாப்பாவை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"அப்ப போவாத."

அவ்வளவுதான். உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் முன்னால் நின்றுகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில் எனக்குப் பழைய வீட்டின் வாசம்கூட வந்தது. அதே குரல், அதே அமைதி. கதவு மட்டும்தான் இல்லை.

திண்டிவனத்தில் இருந்த என் அண்ணன் இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார். உப்பள முதலாளி மூலமாகவும் சொல்லிப் பார்த்தோம். கோபப்பட்டால்கூடப் பேசிச் சரிக்கட்டலாம். என் கணவர் கோபப்படவே இல்லை. அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சௌக்கியம் விசாரித்து, கடைசியில், "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க மச்சான்" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தடையில்லாச் சான்று வந்த அன்றே தலைமை ஆசிரியர் எனக்குப் பதில் ஆள் கேட்டு எழுதிவிட்டார். வீட்டுக்காரம்மா, நான் இருந்த பகுதியைத் தை மாதத்திலிருந்து வேறு ஒருவருக்குப் பேசி வைத்துவிட்டாள். கடைக்குப் போனால், "எப்ப டீச்சர் பயணம்?" என்பார்கள். மீன் விற்கிற அம்மா, "ஏரோப்ளான்ல மீன் குடுப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். நான் சிரிப்பேன். இருந்த இடத்திலிருந்து என்னைப் பெயர்த்தாயிற்று, போகிற இடமோ திறக்கவில்லை. ராத்திரி முழுக்க விழித்திருப்பேன். குழந்தை மட்டும் புது அட்லஸில் சாம்பியாவுக்கு நீலப் பென்சிலால் கரை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்று சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. "அப்ப உப்புக்கு என்னம்மா பண்ணுவாங்க?" என்றாள்.

ஆகஸ்டில் அண்ணன் என்னைக் கடலூருக்கு அழைத்துப் போனார். அப்போது எங்களுக்கு மாவட்ட நீதிமன்றம் கடலூரில்தான். வக்கீலுக்கு என் அண்ணன் வயதிருக்கும். ஜன்னலோரம் வெற்றிலைப் பெட்டியை வைத்துக்கொண்டு நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"ஒண்ணு தெளிவா சொல்லிடறேன் டீச்சர். நம்ம சட்டப்படி தகப்பன்தான் கார்டியன். அவருக்கு அப்புறம்தான் தாய். அஞ்சு வயசு வரைக்கும் குழந்தை சாதாரணமா தாய்கிட்ட இருக்கலாம்னு ஒரு வரி இருக்குது. உங்க பொண்ணு அதைத் தாண்டிட்டா."

"நாலு வருஷமா நான்தானே சார் வளர்க்கறேன்?"

"வளர்க்கறது வேற, கார்டியன் வேற." வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். "ஆனா வழி இல்லாம இல்ல. தகப்பன் உயிரோட இருந்தும் குழந்தையை ஏறெடுத்தே பாக்கல, எல்லாத்தையும் தாய்தான் பாத்துக்கறாங்கன்னா, தாயையே கார்டியனா எடுத்துக்கலாம்னு மேல் கோர்ட்டுல தீர்ப்பு இருக்குது. அதைப் பிடிச்சிக்கலாம். அவர் குழந்தையை வந்து பாக்கறாரா?"

"இல்ல."

"பண்டிகைக்குத் துணிமணி?"

"இல்ல."

"ஸ்கூலுக்கு வந்து விசாரிக்கறது, உடம்பு சரியில்லன்னா வர்றது?"

"எதுவும் இல்ல சார்."

"அப்ப சரி. அதையே எழுதறேன்."

எழுதினார். எதிர்மனுதாரர் மைனரின் நலனில் எந்த அக்கறையும் காட்டவில்லை என்று ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. என்னைக் கார்டியனாக நியமிக்க வேண்டும், தகப்பனார் கையெழுத்து இல்லாமல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவும் குழந்தையை அழைத்துப் போகவும் அனுமதிக்க வேண்டும் என்று மனு.

நோட்டீஸ் போயிற்று. அவரும் ஒரு வக்கீல் வைத்தார். பதில் மனுவுக்கு அவகாசம் கேட்டார்கள். கொடுத்தார்கள். மறுபடி கேட்டார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் தண்ணீர். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரால் வர முடிந்தது. எனக்குத்தான் பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்ல வேண்டியிருந்தது.

கொடுமை என்னவென்றால் கடலூருக்குப் போக எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பஸ். விடியற்காலை மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு ஒன்று, அங்கிருந்து கடலூருக்கு ஒன்று. நான் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அவர் பின்னால் இருப்பார். திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் போலீஸ் ஏறிப் பாண்டிச்சேரிச் சாராய பாட்டில் இருக்கிறதா என்று பைகளைத் துழாவுவார்கள். ஒரு நாள் ஒரு போலீஸ்காரர் என் பையில் கை வைத்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "அது டீச்சர் பை சார். பேப்பருதான் இருக்கும்." அந்தப் பேப்பர் அவர்மேல் நான் போட்ட மனு. பஸ்ஸில் இருந்த பாதிப் பேருக்கு அது தெரியும். எனக்கு அந்த ஜன்னல் வழியாக வெளியே குதித்துவிடலாம் போலிருந்தது.

ஜனவரிக்குள் வர முடியாது என்று சாம்பியாவுக்குத் தந்தி கொடுத்தேன். மே மாதத்தில் அடுத்த பருவம் தொடங்குகிறது, அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம், அதற்குமேல் முடியாது என்று பதில் வந்தது. வீட்டுக்காரம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சி வீட்டை இன்னும் சில மாதங்களுக்குத் தக்கவைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் விசாரணை. குழந்தையையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். நீதிபதி எங்களைக் கோர்ட் அறையில் விசாரிக்காமல் தன் அறைக்குக் கூப்பிட்டார். மெல்லிய உடம்பு, குளிருக்குக் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். முதலில் என்னைக் கேட்டார். மனுவில் எழுதியிருந்ததைச் சொன்னேன். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நாலு வருஷமா பொண்ணை நீங்க கவனிக்கவே இல்லன்னு சொல்றாங்க. என்ன சொல்றீங்க?"

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார்.

"பொண்ணு என்ன படிக்குது?"

"மூணாவது, பி பிரிவு சார்."

"எப்படிப் படிக்குது?"

"கணக்கு நல்லா போடும் சார். தமிழ் எழுத்துல லகரம் ளகரம் மாத்திடும். வகுப்புல ரெண்டாவது பெஞ்சியில உக்காருது. போர்டு தெரியலன்னு முன்னாடி மாத்தச் சொல்லியிருக்குது, டீச்சர் இன்னும் மாத்தல."

நான் நிமிர்ந்தேன். போர்டு தெரியவில்லை என்பது எனக்குத் தெரியாது.

"உடம்புக்கு?"

"ஆடி மாசம் அம்மை போட்டுச்சி சார். இப்ப தேவலாம். முன் பல்லு ஆடிட்டிருந்தது, போன வாரம் விழுந்துட்டுது. மழையில நனைஞ்சா உடனே இருமல் புடிச்சிக்கும்."

என் வக்கீல் பேனாவை மூடிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மனு எந்த ஒரு வரியின்மேல் நின்றுகொண்டிருந்ததோ அந்த வரி என் கண் முன்னால் உடைந்துகொண்டிருந்தது.

நீதிபதி எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குழந்தையிடம் தனியாகப் பேசினார். தாழ்வாரத்தில் தூணுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். மழை ஓயாமல் கொட்டியது. கடைசியில் நான்தான் கேட்டேன்.

"உங்களுக்கு யார் சொன்னா இதெல்லாம்?"

"அதுவே சொல்லும்."

"எப்ப?"

"இன்டர்வெல்லுல. ஸ்கூல் வேலி கிட்ட."

திரும்ப எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதியே எல்லார் முன்னிலையிலும் அவளிடம் இன்னொரு முறை கேட்டார். "அப்பா வர்றதை அம்மாகிட்ட ஏன் பாப்பா சொல்லல? அப்பா சொல்லக் கூடாதுன்னாரா?"

"அப்பா அப்படிச் சொல்லல. நானேதான் சொல்லல."

"ஏன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தாள். "சொன்னா அம்மா அழும். சொல்லலன்னா யாரும் அழ மாட்டாங்க."

எட்டு வயதுக் குழந்தை. இத்தனை நாளாக எங்கள் இரண்டு பேரையும் அழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் எங்களுக்கு நடுவில் ஒரு இடுக்கில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அம்மாகூட வெளிநாட்டுக்குப் போறியா?" என்று நீதிபதி கேட்டார்.

"போறேன். அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்."

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "குழந்தையை உங்ககிட்ட ஒப்படைச்சா வெச்சிக்கறீங்களா?"

அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். என் கணவர் குழந்தையைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எங்கள் மனு அன்றே தள்ளுபடி ஆகியிருக்கும் என்று பின்னால் என் வக்கீல் சொன்னார்.

"இல்லீங்க சார். நான் கொட்டாயிலதான் படுக்கறேன். பொம்பளப் புள்ள. அவங்க அம்மாகிட்ட இருக்கறதுதான் சரி."

"அப்ப கையெழுத்து போட வேண்டியதுதானே?"

"போட்டா போயிடுவாங்க சார்."

நீதிபதி மப்ளரைச் சரிசெய்துகொண்டார். இரண்டு பேரையும் வெளியே போய்ப் பேசிப் பார்க்கச் சொன்னார். சம்மதித்தால் அதையே உத்தரவாக எழுதிவிடலாம் என்றார்.

மறுபடி அதே தாழ்வாரம். என்னிடம் கோபம் மிச்சமில்லாமல் போயிருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபம் இருந்தவரை எனக்கு ஒரு பிடி இருந்தது.

"உங்களுக்குப் பாப்பாவைப் பாக்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்.

"என்னைப் பூட்டி வெச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது." மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப எனக்குத் தெரிஞ்சது அதான். இப்பவும் வேற எதும் தெரியல."

"இப்பவாவது போடுங்க. ரெண்டு வருஷத்துல வந்துடறேன். சத்தியமா வந்துடறேன்."

அவர் தலையை ஆட்டினார். முடியாது என்று. "என் கையால போட மாட்டேன். ஜட்ஜு போடச் சொல்லு. அவர் சொன்னா நான் எதுத்து நிக்க மாட்டேன். ஆனா என் கையால முடியாது."

அதையே உள்ளே போய்ச் சொன்னோம். உத்தரவு பத்து நாள் கழித்து வந்தது. தகப்பனார் அக்கறை இல்லாதவர் என்பதை நீதிபதி ஏற்றுக்கொள்ளவில்லை. கார்டியன் அவர்தான், அதை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தார். ஆனால் குழந்தை தாயிடம் இருப்பதுதான் அதன் நலத்துக்கு நல்லது என்று தகப்பனாரே ஒப்புக்கொள்கிறார், தாயின் வேலைக்காகக் குழந்தை உடன் போவதைத் தடுக்க வேறு காரணம் சொல்லவில்லை. ஆகவே தகப்பனார் கையெழுத்து இல்லாமல் குழந்தைக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கவும், ஒப்பந்தக் காலம் வரை உடன் அழைத்துப் போகவும் தாய்க்கு அனுமதி. ஒப்பந்தம் முடிந்ததும் குழந்தையை அழைத்து வந்து கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு என் அண்ணன் ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளம்பும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை தகப்பனாரோடு இருக்க வேண்டும். அங்கே போனபின் மாதம் ஒரு முறை குழந்தை தகப்பனாருக்குக் கடிதம் எழுத வேண்டும்.

"ஜெயிச்சிட்டோம் டீச்சர்" என்றார் வக்கீல். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை அவிழ்த்துவிடவும் செய்திருந்தார்கள், கட்டவும் செய்திருந்தார்கள். கயிறு மட்டும் நீளமாகியிருந்தது. அதோடு, அது நியாயம் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நியாயமான கயிற்றோடு சண்டை போடக்கூட முடியாது.

உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, அது கைக்கு வர ஒரு மாதம். அதை இணைத்துச் சென்னையில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். இந்த முறை வாங்கிக்கொண்டார்கள். உத்தரவை உள்ளே ஓர் அதிகாரி முழுவதும் படித்துவிட்டு, பாஸ்போர்ட் விஷயம் தெளிவாக இருக்கிறது, போதும் என்றார். மரக்காணம் காவல் நிலையத்திலிருந்து ஏட்டு வீட்டுக்கு வந்து விசாரித்தார். அவருடைய மகன் என் வகுப்பு. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, "எழுதித்தான் ஆகணும் டீச்சர், கோவிச்சிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டார். மார்ச் கடைசியில் பதிவுத் தபாலில் பாஸ்போர்ட் வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் குழந்தை அதை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தாள். முதலில் முடியாது என்றேன். அவருக்கு எதிராக வாங்கியதை அவரிடமே கொண்டுபோய்க் காட்டுவதா? அவளுக்கு அது புரியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது அவளுடைய புகைப்படம் உள்ள நீலப் புத்தகம். சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன்.

மழைக்குப் பிறகு பாத்திகளைச் செப்பனிட்டு மறுபடியும் உப்பு வார ஆரம்பித்திருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எடைபோடும் இடத்தில் நின்றிருந்தார். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் கையால் எழுதியிருந்த விவரங்களை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அடையாளக் குறி என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இது என்ன எழுதியிருக்குது?"

"மோவாயில் தழும்பு" என்றேன்.

"தொட்டில்லேருந்து விழுந்தது." குழந்தையின் மோவாயைத் தூக்கிப் பார்த்தார். "அன்னிக்கு உங்க அம்மா ஸ்கூலுக்குப் போயிருந்தாங்க. நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அதை அவர் அதற்குமுன் என்னிடம் சொன்னதில்லை. தவழும்போது தானாக விழுந்துவிட்டாள் என்றுதான் அன்று சொன்னார். பாஸ்போர்ட்டை மூடி, உப்பு ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "ஈரம் படாம வெச்சிக்க" என்றார்.

ஏப்ரல் கடைசியில் கிளம்பினோம். அவர் பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே குழந்தை அவரிடம் சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள்.

அங்கே எங்களுக்கு நன்றாகவே இருந்தது. பெரிய வீடு, வாசலில் சிவப்பு மண், பக்கத்திலேயே பள்ளி. போன உடனே அவளுக்குக் கண்ணாடி போட்டேன். மாதம் ஒரு முறை அவள் கடிதம் எழுதினாள். நான் அதைப் படிக்காமல் ஒட்டுவேன். இரண்டு வருடம் முடியும்போது இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொன்னார்கள். சம்பளமும் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். இருக்க வேண்டுமென்றால் மறுபடியும் கோர்ட்டில் கேட்க வேண்டும். அவர் எதிர்த்திருக்க மாட்டார் என்று இன்று தோன்றுகிறது. ஆனால் அண்ணன் எழுதிக் கொடுத்த பத்திரமும் நான் செய்த சத்தியமும் இருந்தன. மறுபடியும் அந்தப் பஸ்ஸில் ஏறி அந்தத் தாழ்வாரத்தில் நிற்கத் தெம்பில்லை. அதைவிட, அப்பாவைப் பார்க்கும் நாளைக் குழந்தை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டையும் அந்தச் சிவப்பு மண்ணையும் விட்டுவர எனக்கு மனசே இல்லை.

கடலூர் கோர்ட்டில் குழந்தையை அழைத்து வந்துவிட்டதாக மெமோ கொடுத்தோம். நான் மரக்காணம் பள்ளியிலேயே மறுபடி சேர்ந்தேன். அதே சாலை. காலையில் அவர் சைக்கிளில் எதிரே வருவார். இப்போது மகள் என்னோடு நடப்பாள், அவர் இறங்கி அவளோடு கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். நான் சற்று முன்னால் நடப்பேன். அவர்கள் பேசுவது பாதி காதில் விழும். ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாளும் வேகமாக நடந்து விலகிப் போகவும் இல்லை.